விருந்தினர் கத்தும்போது ரிசப்ஷனில் என்ன பேசுவது? கேள்வி பதில்

மதுரை ஹோட்டலில் புதிதாகச் சேர்ந்தவர்: காலை 6 மணிக்கு ரயிலில் இறங்கி வந்து, "பணம் கட்டியாச்சு, ரூமைக் குடு" என்று கத்துகிறார்கள். செக்-இன் 12 மணி. "ஹோட்டல் ரூல் சார்" என்றால் கோபம் இன்னும் ஏறுகிறது.

நம் ஊரில் பல லாட்ஜ்கள் 24 மணி நேரக் கணக்கில் நடக்கின்றன. அந்தப் பழக்கத்தில் வருபவருக்கு 12 மணி என்பதே ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். அதனால் ரூலை முதலில் நீட்டாதீர்கள். அவருடைய உண்மையான பயம், ரூம் இருக்கிறதா இல்லையா என்பது. அதைத் தீர்த்துவிட்டுப் பேசுங்கள்:

"ராத்திரி முழுக்க ரயில்ல வந்திருக்கீங்க, அம்மாவும் நின்னுட்டே இருக்காங்க. முதல்ல உட்காருங்க சார். உங்க புக்கிங் இருக்கு, ரூம் உங்களுக்குத்தான். நேத்து தங்கினவங்க 9 மணிக்குக் கிளம்புறதா சொல்லியிருக்காங்க, சுத்தம் பண்ண முக்கால் மணி நேரம் ஆகும். ஒன்பதரைக்கு நானே வந்து நிலவரம் சொல்றேன்."

அப்புறம் அவர் கையில் ஒரு முடிவைக் கொடுங்கள்: "லக்கேஜை இங்க வச்சுட்டு, நடை சாத்துறதுக்குள்ள கோவிலுக்குப் போயிட்டு வர்றீங்களா, இல்ல டிபன் சாப்பிட்டுட்டு இங்கயே இருக்கீங்களா?" அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் குரல் பெரும்பாலும் இறங்கிவிடும்.

ஒன்பதரைக்கு ரூம் காலியாகாவிட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும். "இன்னும் காலியாகல சார், பத்தேகாலுக்கு மறுபடி வர்றேன்." இதைச் செய்யாவிட்டால் காலையில் பேசிய அத்தனையும் வீண்.

திருச்சியிலிருந்து: "ஸாரி" சொன்னாலே தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும், அந்த வார்த்தையே வாயில் வரக்கூடாது என்கிறார் எங்கள் மேனேஜர். சரிதானே?

பாதி சரி. நடந்தது என்னவென்று தெரியும் முன் பொறுப்பு ஏற்கக் கூடாது, அதுவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாட்டிவிடுவது "ஸாரி" அல்ல, அதற்குப் பின்னால் நாம் அவிழ்த்துவிடும் விளக்கம். "வெந்நீர் இல்லாம குளிக்க முடியாம இருக்கீங்க, கஷ்டமாத்தான் இருக்கும், ஸாரி சார். ஆளை இப்பவே அனுப்புறேன்" என்பதில் எந்த ஒப்புதலும் இல்லை. "எங்க பாய்லர் அடிக்கடி இப்படித்தான் சார்" என்பதில் முழு ஒப்புதலும் இருக்கிறது. "ஹவுஸ்கீப்பிங் பசங்க சரியில்ல" என்பதும் அதே வகைதான். அவருக்கு ஹவுஸ்கீப்பிங்கும் நீங்களும் ஒரே ஹோட்டல்.

வேறொருவர் தங்கியிருக்கும் ரூமின் சாவியையே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மட்டும் இந்த நுணுக்கமெல்லாம் வேண்டாம். "சாவி மாத்திக் கொடுத்துட்டோம், ஸாரி" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற தப்பை மழுப்பினால் அடுத்து சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

கோவை: "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றேன். "டேப் போட்ட மாதிரி பேசாதே" என்றார்.

அந்த வாக்கியத்தை எந்த ஹோட்டலில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அதனால்தான். அவர் சொன்னதிலிருந்தே ஒரு விவரத்தை எடுத்துத் திருப்பிச் சொல்லுங்கள்: "11 மணிக்கு ஒரு தடவை போன் பண்ணீங்க, யாரும் வரல. அப்படித்தானே?" "ஆமா" என்று அவர் சொல்லிவிட்டால் பாதி இறங்கிவிட்டார்.

நம் ரிசப்ஷன்களின் உண்மையான டேப் "ரெண்டு நிமிஷம் சார்", "வந்துட்டே இருக்காங்க சார்" இரண்டும்தான். இருபது நிமிடம் ஆகும் என்றால் அரை மணி நேரம் என்றே சொல்லுங்கள். "கோபப்படாதீங்க", "நீங்க முன்னாடியே சொல்லலையே" இரண்டையும் மறந்துவிடுங்கள்.

ஒரு வாசகர்: நான் தங்கப் போனவன். ராத்திரி முழுக்க ஏசி ஓடவில்லை. பணத்தைத் திரும்ப வாங்க என்ன சொல்ல வேண்டும்?

நீங்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறீர்கள்! இருந்தாலும் சொல்கிறேன். காலையில் பில் கட்டும்போது சொன்னால் வலு குறைவு. ஏசி நின்றவுடனே சொல்லி, நேரத்தோடு புகார்ப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ரிசப்ஷன்காரர்களுக்கும் அந்தப் பதிவு நல்லதுதான்.

சென்னை: வேலட்டில் விட்ட காரில் கீறல் என்று சண்டை. "ஓனர் ரிஸ்க்குன்னு டோக்கன்லயே போட்டிருக்கு" என்று காட்டினேன். தப்பா?

அந்த டோக்கனை நம்பிப் பேசாதீர்கள். வேலட்டில் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், காரை ஒப்படைத்த பிறகு அப்படி அச்சடித்ததைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. அது திருட்டு வழக்கு; உங்கள் கீறலுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வக்கீல் சொல்ல வேண்டியது. நீங்கள் சொல்ல வேண்டியது: "வாங்க சார், காரைச் சேர்ந்து பார்ப்போம். போட்டோ எடுத்துக்கறேன், எத்தனை மணிக்கு விட்டீங்கன்னு குறிச்சுக்கறேன். கேமரா பதிவைப் பார்த்துட்டு மேனேஜர் இன்னைக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள உங்ககிட்ட பேசுவார்."

"எங்க டிரைவர் அப்படிச் செய்யமாட்டார்" என்றும் வேண்டாம், "சரி பண்ணிக் கொடுத்துடறோம்" என்றும் வேண்டாம். மேனேஜர் 5 மணிக்குப் பேசுவாரா என்பதை மட்டும் வாக்குக் கொடுக்கும் முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.