பொழிப்பு மட்டும் எழுதின பிள்ளைக்கு என்னெண்டு கடிதம் எழுதுறது?

"கம்பஸில இந்த வருசம்தான் படிப்பிக்கத் தொடங்கினனான். ஒரு பிள்ளை யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று பற்றி ரிப்போர்ட் தந்திருக்கிறா, முழுக்க வாசிச்ச கட்டுரையளின்ர பொழிப்புத்தான். தமிழில என்னெண்டு பீட்பேக் எழுதிக் குடுக்கிறது?"

"பகுப்பாய்வு போதாது" எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. நானும் கன காலம் அப்பிடித்தான் எழுதினனான், திருப்பி வாற ரிப்போர்ட்டில இன்னும் நாலு கட்டுரையின்ர பொழிப்பு கூடியிருக்கும், அவ்வளவுதான்.

முதல்ல பந்தியளின்ர முதல் வசனங்களை மட்டும் வாசியுங்கோ. எல்லாம் ஆய்வாளரின்ர பேரில தொடங்கி "கூறுகிறார்", "குறிப்பிடுகிறார்" எண்டு முடிஞ்சா, ரெண்டாம் பந்தியையும் அஞ்சாம் பந்தியையும் இடம் மாத்தினாலும் ஒண்டும் குழம்பாட்டி, அது பொழிப்புத்தான். பிறகு ரெண்டு மூலம் ஒண்டோடொண்டு மோதுற மாதிரி இருக்கிற ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கோ. நைத்திரேற்றில அது லேசா அம்பிடும், ஏனெண்டா சிலர் நைத்திரேற்றாவே அளவு குடுப்பினம், சிலர் அதிலயிருக்கிற நைதரசனை மட்டும் குடுப்பினம். நான் எண்டா இப்பிடி எழுதுவன், இலக்கமெல்லாம் உதாரணத்துக்குத்தான்:

"தங்கச்சி, மூலங்களைப் பிழையில்லாமல் விளங்கி எழுதியிருக்கிறீர். ஆனா 3ஆம் பக்கத்தில ஒரு ஆய்வு லீட்டருக்கு 12 மில்லிகிராம் எண்டுது, அடுத்த பந்தியில மற்றது 50 எண்டுது, வாசிக்கிற ஆள் ஒண்டு மற்றதைவிட நாலு மடங்கு மோசம் எண்டு நினைப்பார். முதலாவது நைதரசனாக் குடுத்தது. நைத்திரேற்றின்ர நிறை 62ஐ நைதரசனின்ர நிறை 14ஆல பிரிச்சா 4.43, அதால 12ஐப் பெருக்கிப் பாரும், 53 வரும். அப்ப ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான், உலக சுகாதார நிறுவனத்தின்ர 50 எண்ட எல்லையடியிலதான் நிக்குது. இந்த வசனம் உம்மட ரெண்டு கட்டுரையிலயும் இல்லை, நீர் எழுதவேண்டியது அதைத்தான். இனி நீர் பாரும்: ஒண்டு உரம் போட்ட தோட்டக் கிணறு, மாரி மழைக்குப் பிறகு எடுத்த தண்ணி. மற்றது மலசலகூடக் குழிக்குக் கிட்ட இருக்கிற வீட்டுக் கிணறு, கோடையில எடுத்தது. இலக்கம் ஒண்டா வந்தாப்போல காரணமும் ஒண்டோ? ரெண்டு பந்தியையும் ஒரு பந்தியாக்கி வாற வெள்ளி கொண்டு வாரும்."

பாருங்கோ, ஒரு படியை நான் செய்து காட்டி மற்றதைக் கேள்வியா விட்டிருக்கிறன். ரெண்டையும் நாங்களே செய்தா பிள்ளை அதையும் பொழிப்பாக்கிக் கொண்டு வருவா. மிச்சப் பந்தியளில சிவப்புப் பேனை வைக்கவேண்டாம், எல்லாத்தையும் கீறினா எதைத் திருத்துறதெண்டு அவவுக்குத் தெரியாது. நீங்கள், நீர் எண்டது உங்கட பழக்கம், வகுப்பில கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ.

வெள்ளிக்கிழமை வாற பந்தி பிள்ளையின்ர சொந்த முடிவில தொடங்கி, ஆய்வாளர்மாரின்ர பேர் ஆதாரமா பின்னால வந்தா சரி. பழைய ரெண்டு பந்தியும் அப்பிடியே இருந்து கடைசியில "எனது கருத்து யாதெனில் நீர் மாசடைதல் தடுக்கப்பட வேண்டும்" எண்டு ஒண்டு ஒட்டியிருந்தா விளங்கேல்லை எண்டு அர்த்தம். அப்ப இன்னொரு கடிதம் எழுதாமல் கூப்பிட்டு பக்கத்தில இருத்தி, அந்த 12ஐ அவவின்ர கையாலேயே பெருக்க விடுங்கோ.