கிணற்றுத் தண்ணீரும் "எனக்குத் தெரியாது" என்ற பதிலும்

"சுகாதாரக் களப்பணிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வீடுகளில் கேட்கும் கேள்விக்கு உண்மையாகவே பதில் தெரியாவிட்டால் என்ன சொல்வது?"

எது தெரியாது என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு இளம் தாய் கேட்டார்: "ஐயா, எங்கட கிணத்துத் தண்ணியில பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாமோ?" பக்கத்தில் வெங்காயத் தோட்டம். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது.

"தெரியாது தங்கச்சி" என்றேன். "தோட்டத்துப் பசளை சுண்ணக்கல் வழியாகக் கிணற்றுக்குள் இறங்கும், அது தெரியும். அந்தப் பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு கூடினால் கைக்குழந்தைக்கு ஆகாது. இந்தக் கிணற்றில் அது எவ்வளவு என்பதுதான் தெரியாது. நிறத்திலோ ருசியிலோ பிடிபடாது. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும்."

அப்புறம் வழியையும் சொன்னேன். சுத்தமான போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் நீர் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். முடிவு வரும்வரை பிள்ளைக்கு வேறு பாதுகாப்பான தண்ணீர். இந்த இடைக்கால ஏற்பாட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

அறிக்கையில் 14 என்று வந்தால் அவசரப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. நைத்திரேற்று-நைதரசன் என்று, அதாவது நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் அளந்திருந்தால் அதுவே சுமார் 11. ஆக 14 நல்லதா கெட்டதா என்பது அலகைப் பொறுத்தது, ஆய்வுகூடத்திடம் கேளுங்கள். மாரி மழைக்குப் பிறகு அளவு மாறலாம், அப்போது இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.