களிமண் போத்தலில் தண்ணீர் ஏன் ஓடிவிடுகிறது?

கேள்வி: "ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மணல், களிமண், இருவாட்டி மண் மூன்றையும் வெட்டிய போத்தல்களில் போட்டுத் தண்ணீர் ஊற்றி நேரம் பார்த்தோம். களிமண்ணில் மெதுவாக இறங்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஆனால் மணலைப் போலவே விறுவிறு என்று இறங்கிவிட்டது. பிள்ளைகள் கேட்கும்போது என்ன சொல்வது? களிமண் தேயிலை மலையில் இருந்து எடுத்தது."

டீச்சர், பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. மலைச்சரிவில் உள்ள செம்மண்ணில் களித் துணிக்கைகள் நிறையவே உண்டு. ஆனால் மண்ணைச் சிவப்பாக்கும் அதே இரும்பு ஒட்சைட்டு அந்தத் துணிக்கைகளைச் சின்னச் சின்ன மணிகளாக இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. களித் துணிக்கை ஒன்று 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது. மணியோ மணல் பருமனுக்கு வந்துவிடும். மணிகளுக்கு இடையே உள்ள பெரிய துவாரங்களால் தண்ணீர் இறங்கிவிடுகிறது. உங்கள் போத்தல் பொய் சொல்லவில்லை.

இதைக் கையாலேயே சோதிக்கலாம். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தள்ளி நாடா போல நீட்டுங்கள். 5 சென்ரிமீற்றருக்கு மேல் அறாமல் நீண்டால் அது களி. 2.5 சென்ரிமீற்றருக்குள் அறுந்தால் இருவாட்டி. மணலில் நாடாவே வராது. மலைச் செம்மண் முதலில் இருவாட்டி போலத்தான் அறும். ஐந்தாறு நிமிடம் விடாமல் பிசைந்தால் மணிகள் உடைந்து நாடா நீளும்.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். மண்ணைக் கட்டி கட்டியாகப் போட்டிருந்தால் தண்ணீர் கட்டிகளின் இடைவெளியாலும் போத்தல் சுவர் ஓரமாகவும் வழிந்துவிடும். ஊற்றிய உடனே சொட்டு விழுந்து, பிறகு ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் நீங்கள் அளந்தது மண்ணை அல்ல, இடைவெளியை.

அடுத்த முறை களிக்குப் பள்ளத்து வயல் மண்ணை எடுங்கள். மணலுக்குக் கழுவிய ஆற்று மணல். இருவாட்டிக்கு மரக்கறித் தோட்ட மண் போதும், ஆனால் கொம்போஸ்ட் புதிதாகப் போட்ட பாத்தி வேண்டாம். கொம்போஸ்டே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மூன்றையும் பேப்பரில் பரப்பி உலர விடுங்கள். உங்கள் பக்கத்து மூடுபனியில் சில நாள் எடுக்கும். பிறகு இடித்து ஒரே சல்லடையில் சலித்து, ஒரே அளவான போத்தல்களின் மேல்பாதியைக் கவிழ்த்து வாயில் துணி கட்டி, ஒவ்வொன்றிலும் 300 மில்லிலீற்றர் அளவு மண் போடுங்கள். மூன்று தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் போத்தலை ஒரே மாதிரித் தட்டி இறுக்குங்கள். மண்ணின் மேல் ஒரு துண்டுத் துணி வைத்தால் ஊற்றும்போது குழி விழாது.

ஒரே ஊற்றலில் இரண்டு விடயங்களை அளக்கப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்தில் பெரிய குழப்பம். எவ்வளவு தண்ணீரைப் பிடிக்கிறது என்பது ஒன்று, எவ்வளவு வேகமாக விடுகிறது என்பது வேறொன்று. உலர்ந்த மண் முதலில் தான் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை விடும். அதனால் முதல் சொட்டு விழும் நேரத்தில் இரண்டும் கலந்துவிடும்.

எனவே முதல் நாள் பிடிப்பை மட்டும் அளவுங்கள். 200 மில்லிலீற்றர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஆவியாகாமல் மேலே மூடி, மறுநாள் கீழே சேர்ந்ததை அளவுங்கள். உதாரணத்துக்கு, மணலின் கீழ் 130, இருவாட்டியின் கீழ் 80, களியின் கீழ் 50 சேர்ந்தால், பிடித்தது முறையே 70, 120, 150. இரண்டாம் நாள், ஏற்கெனவே குடித்து முடித்த அதே மண்ணில் 100 மில்லிலீற்றர் ஊற்றி மணிக்கூட்டைப் பாருங்கள். ஊற்றியதெல்லாம் வரும் வரை காத்திருக்காதீர்கள். களியில் பாடநேரம் முடிந்தாலும் வராது. 5 நிமிடத்தில் கீழே எத்தனை மில்லிலீற்றர் என்று மூன்றுக்கும் ஒப்பிட்டால் போதும்.

போத்தலில் மணல் பிடிக்கும் அளவு தோட்டத்து நிலத்தில் பிடிப்பதை விடக் கூடுதலாகவே தெரியும். ஆழம் குறைந்த மண்ணின் அடியில் துணியை ஒட்டி ஒரு ஈர அடுக்கு வடியாமல் தங்கிவிடும், அதுதான் காரணம். ஆகவே எண்ணை நிலத்துக்குக் கொண்டுபோகாமல் ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். களி கூடுதலாகப் பிடித்ததால் பயிருக்கும் அதுவே நல்லது என்று பிள்ளைகள் எழுதினால் திருத்துங்கள்: களி பிடித்த தண்ணீரில் பெரும் பங்கை வேரால் இழுக்க முடியாது.

தேயிலை மலை மண்ணை எறிந்துவிடாதீர்கள். ஒரு பங்கைச் சலித்த படியே ஒரு போத்தலிலும், இன்னொரு பங்கை ஈரத்தில் நன்றாகப் பிசைந்து, கீறல் விழாமல் இன்னொரு போத்தலிலும் போட்டு இரண்டாம் நாள் சோதனையைச் செய்யுங்கள். மண் ஒன்றுதான், பிசைந்ததில் தண்ணீர் மேலேயே தேங்கி நிற்பதைப் பிள்ளைகளே காண்பார்கள். வெறுமையாகக் கிடக்கும் மலையில் அடைமழை மேல்மண்ணின் மணிகளை அடித்து உடைப்பதும், தண்ணீர் உள்ளே இறங்காமல் மண்ணையும் இழுத்துக்கொண்டு கானுக்கு ஓடுவதும் இதே மாதிரித்தான்.