ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுக்கு 500 கல்லா, 408 கல்லா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் வீடு கட்டுகிறோம். 9 இஞ்ச் சுவருக்கு ஒரு கன மீட்டர் 10,800 ரூபாய் என்று கான்ட்ராக்டர் எழுதித் தந்திருக்கிறார். அதில் கல் 500, வேஸ்டேஜ் 5 சதவீதம் என்று இருக்கிறது. இது நியாயமான ரேட்டா?

பதில்:

கூலியையும் சிமெண்ட் விலையையும் அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் உங்கள் சைட்டில் இறக்கியிருக்கும் கல்லை அளந்துவிட்டு வாருங்கள். ஒரு கல்லை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள், பத்துக் கல்லை நீளவாக்கில் ஒட்டி அடுக்கி மொத்தமாக அளந்து பத்தால் வகுங்கள், அகலத்துக்கும் உயரத்துக்கும் அதே மாதிரி.

அந்த 500 கல் என்பது 190×90×90 மில்லிமீட்டர் மாடுலர் கல்லுக்கான எண்ணிக்கை. 10 மி.மீ. சாந்தோடு சேர்த்தால் அது 200×100×100 ஆகிறது, கன மீட்டருக்குச் சரியாக 500 வரும். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், யூடியூபிலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் நம் பக்கம் சூளையிலிருந்து வரும் 9 இஞ்ச் கல் பெரும்பாலும் 230×110×75 கிட்ட இருக்கும். சாந்தோடு 240×120×85, அதாவது கன மீட்டருக்கு 408 கல்தான். 5 சதவீத வேஸ்டேஜ் போட்டாலும் 428. உங்கள் ஆள் 525 கல்லுக்குக் காசு போட்டிருக்கிறார். கல் 10 ரூபாய் என்றால் 970 ரூபாய் இங்கேயே கூடிவிட்டது, அதன் மேல் ஓவர்ஹெட், லாபம் என்று அவர் போடும் 15 சதவீதமும் ஏறும். வேண்டுமென்றே செய்தாரா, பழைய ஷீட்டை அப்படியே காப்பி பண்ணினாரா என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ஒன்றரை ரூபாய் குறைவு என்று 220×105×65 அளவில் சின்னக் கல்லை இறக்குவார்கள். அந்தக் கல் கன மீட்டருக்கு 504 பிடிக்கும், வேஸ்டேஜோடு 529. எட்டரை ரூபாய் மேனிக்கு 4,497 ஆகிறது, 10 ரூபாய் பெரிய கல்லோ 4,280தான். சாந்தும் கூடப் பிடிக்கும், கொத்தனாரும் நூறு கல் அதிகமாக வைக்க வேண்டும். எனவே கல்லை ஒன்றின் விலை பார்த்து வாங்காதீர்கள், கன மீட்டருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

சரி, சாந்து. 408 கல் 0.774 கன மீட்டரை அடைத்துக்கொள்ளும், மீதி 0.226. கல்லின் மேல் இருக்கும் குழி, கோணல் இதெல்லாம் நிரப்ப 15 சதவீதம் கூட்டி 0.26 என்று வைக்கிறேன். ஈரக் கலவையை உலர்ந்த அளவுக்கு மாற்ற 1.3ஆல் பெருக்கினால் 0.338. 1:6 கலவையில் ஏழில் ஒரு பங்கு சிமெண்ட், கிட்டத்தட்ட 70 கிலோ, அதாவது 1.4 மூட்டை. மணல் 0.29 கன மீட்டர், நம்ம கணக்கில் 10.2 கன அடி. சிலர் இந்த 1.3க்கு உள்ளேயே வேஸ்டேஜும் இருக்கிறது என்று நினைக்கிறார்கள், அது வேறு, இது வேறு. உலர்ந்த கலவைக்குள் இருக்கும் காற்று இடைவெளி தண்ணீர் ஊற்றியதும் போய்விடுவதால் கன அளவு குறைவதற்குத்தான் 1.3. கொட்டிப் போவதற்குத் தனியாகப் போட வேண்டும், ஒரு தடவை மட்டும்.

எம்-சாண்டில்தான் கண்ணுக்குத் தெரியாமல் காசு போகும். கிணத்துக்கடவு பக்கம் கிரஷரிலிருந்து ஈரத்தோடு ஏற்றிவரும் மணல் உப்பியிருக்கும், லாரிக்காரரோ பாடியின் கன அடியைத்தான் எண்ணுவார். ஒரு கண்ணாடி ஜாடியில் அந்த மணலை 200 மி.மீ. உயரத்துக்குத் தளர்வாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்கி விட்டுவிடுங்கள். மணல் 160இல் படிந்தால் 25 சதவீதம் உப்பல் என்று அர்த்தம். அப்போது உங்களுக்குத் தேவையான 10.2 கன அடிக்கு லாரி அளவில் 12.8 வாங்க வேண்டும், தரையில் தங்குவதையும் சேர்த்து 14 என்று போட்டுக்கொள்ளலாம்.

கூலிக்கு வருவோம். பொள்ளாச்சியில் வீடு கட்டிய சொந்தக்காரரின் ரேட்டைக் கொண்டுவந்து காட்டி, அங்கே இவ்வளவுதானே என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. இந்தியாவிலேயே கட்டட வேலைக்கு அதிகக் கூலி கேரளத்தில்தான், எல்லையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே வந்தாலே வித்தியாசம் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து ஆள் கூட்டிவந்தால் வண்டிச் செலவு தனி. நான் போடுவது இப்படி: இரண்டு கொத்தனார், மூன்று உதவியாள், ஜன்னல் கதவு உள்ள சாதாரண தரைத்தளச் சுவரில் ஒரு நாளைக்கு 2 கன மீட்டர். கொத்தனார் 1,100, உதவியாள் 900 என்றால் நாள் கூலி 4,900, கன மீட்டருக்கு 2,450. இதில் கூலியை விட முக்கியம் அந்த 2 கன மீட்டர். சாரம் ஏறிய பிறகோ, மூலை முடக்கு அதிகமாக இருந்தாலோ, அது ஒன்றரைக்கு இறங்கும், இறங்கினால் அதே ஆள், அதே கூலி, ஆனால் கன மீட்டருக்கு 3,267.

இப்போது கூட்டுங்கள். விலையெல்லாம் ஒரு கணக்குக்கு நான் வைத்தது, உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கல் 4,280. சிமெண்ட் சேதாரத்தோடு 1.45 மூட்டை, 400 வீதம் 580. மணல் 14 கன அடி, 65 வீதம் 910. கூலி 2,450. சாரம், தண்ணீர், க்யூரிங்குக்கு 180. மொத்தம் 8,400. ஓவர்ஹெட்டும் லாபமும் சேர்த்து 15 சதவீதம், 1,260. ஆக 9,660, ஜிஎஸ்டி தனி. இதே கணக்கில் கல்லை மட்டும் 525 ஆக்கிப் பாருங்கள், 10,776 வரும். உங்கள் 10,800 எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? மற்றபடி அவர் ரேட்டில் பெரிய குறை இல்லை.

அந்த 15 சதவீதத்தில் சண்டை போடாதீர்கள். மத்திய பொதுப்பணித் துறையின் ரேட் அலசலிலும் அதே 15தான் போடுகிறார்கள், மேற்பார்வை, ஸ்டோர் காவலாள், முடங்கிய பணத்துக்கு வட்டி எல்லாம் அதற்குள்ளேதான். ஆனால் கல், சிமெண்ட், மணல் நீங்களே வாங்கிக் கொடுத்தால் அவருடைய 15 சதவீதம் கூலிக்கும் சாரத்துக்கும் மட்டும்தான், அதாவது 2,630க்கு 395, மொத்தம் 3,025. பொருளுக்கும் சேர்த்து லாபம் கேட்டால் கேள்வி கேளுங்கள்.

வேலை நடக்கும்போது ஒன்றைப் பாருங்கள். பத்து வரிசையின் உயரம் 85 சென்டிமீட்டர் வர வேண்டும். 90 வந்தால் சாந்து 15 மி.மீ. தடிமனில் போகிறது. நேர்ச்சந்தும் அப்படியே போனால் கல் 363 ஆகக் குறையும், சாந்து 0.226இலிருந்து 0.311க்கு ஏறும். கூலி கான்ட்ராக்ட் என்றால் அந்தச் சிமெண்ட் உங்கள் தலையில்தான் விழும், கொத்தனாருக்கோ கல் குறைவாக வைத்தே கன மீட்டர் முடிந்துவிடும். கல் கோணல் என்று அவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம், அதற்காகத்தான் முதலிலேயே கல்லை அளக்கச் சொன்னது.

நாலரை இஞ்ச் சுவருக்கு இந்த ரேட்டைப் பாதியாக்கிப் போட ஒத்துக்கொள்ளாதீர்கள். அதைச் சதுர மீட்டரில்தான் அளப்பார்கள், கலவையும் 1:4, அதற்குத் தனி ரேட் வாங்குங்கள்.