தடுப்புச் சுவர்: பிளேன் ஸ்ட்ரெஸ்ஸா, ஸ்ட்ரெயினா?

"60 மீட்டர் நீளத் தடுப்புச் சுவரில் 1 மீட்டர் துண்டை பிளேன் ஸ்ட்ரெஸ்ஸில் மாடல் செய்தேன். மண் நகர்வு அதிகமாக வருகிறது. ஏன்?"

பிளேன் ஸ்ட்ரெயினுக்கு மாற்றுங்கள். அந்தத் துண்டின் இருபுறமும் அதே சுவரும் மண்ணும் தொடர்வதால் அது நீளவாக்கில் விரிய முடியாது. எனவே εz = 0; அந்தத் தடையால் σz = ν(σx + σy) உருவாகிறது. தன் தளத்திலேயே இழுபடும் மெல்லிய தகட்டுக்கு இரு முகங்களும் திறந்திருப்பதால் σz = 0; பிளேன் ஸ்ட்ரெஸ் அதற்குத்தான்.

ஒரு திசையில் மட்டும் அழுத்தும்போது E-க்குப் பதில் E/(1−ν²) வேலை செய்யும். கான்கிரீட்டில் (ν = 0.2) வித்தியாசம் வெறும் 4%. நீர் வடியாத களிமண்ணில் (ν = 0.49) சுமார் 32%! உங்கள் நகர்வு கூடியதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மாற்றியபின் σz-ஐப் பாருங்கள். எங்கும் பூஜ்யமாகவே இருந்தால் எலிமென்ட் வகை மாறவில்லை.

சுவரின் முனைகளுக்கும் மூலைத் திருப்பங்களுக்கும் இது பொருந்தாது, அங்கே முப்பரிமாண மாடல்தான் வேண்டும்.