அப்பாவின் பட்டியல் – கடிதம்

அன்புள்ள சார்,

அப்பா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியர். மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். விழாவில் பேச ஒரு நன்றியுரை எழுதித் தரச் சொல்லி, யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கையால் எழுதி வாட்ஸப்பில் போட்டோ அனுப்பியிருக்கிறார். 34 பேர். பாதிப் பெயர் படிக்க முடியவில்லை. வரிசையாக எழுதிப் பார்த்தால் வருகைப்பதிவு எடுப்பது போல இருக்கிறது. நான் பெங்களூரில் இருக்கிறேன். எப்படி எழுதுவது? படத்தை இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு திருத்தம். ஓய்வு பெறுகிறவர் பேசுவது ஏற்புரை. நன்றியுரை என்பது கடைசியில் வேறொரு ஆசிரியர் வந்து மைக்செட்காரர் வரைக்கும் சொல்வது. பட்டியலின் அடியில் இருக்கும் பந்தல், சாப்பாடு, போட்டோ, மாலை நான்கும் அவருக்குப் போக வேண்டியவை. அப்பாவிடம் சொல்லிவிட்டு அந்த ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். ஆச்சு, மீதி 30.

ஆனால் 30தானா என்பது எனக்குச் சந்தேகம். வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறார், பாருங்கள். தாளின் பின்பக்கமும் எழுதியிருப்பார் போல. இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், தாளை மடிப்பு நீவி மேசையில் வைத்து, நேர் மேலே இருந்து எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் எழுத்து மங்காது. அப்படியும் சில வரிகள் புரியாது. அவசரக் கையெழுத்தில் காலும் ர-வும் ஒன்றுபோல இருக்கும், புள்ளி இருக்காது, ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தெரியாது. 9-ஆவது வரி சேகரா சேரனா என்று எனக்கும் பிடிபடவில்லை. ஊகித்து எழுதாதீர்கள், கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

அப்புறம் அப்பாவுக்கு போன் போட்டு ஒவ்வொரு வரியாக நீங்கள் படியுங்கள், அவர் இனிஷியலோடு திருத்தட்டும். ஜோதி என்று ஒரு பெயர் இருக்கிறது, திருவா திருமதியா என்று கேளுங்கள். இரண்டு பெயருக்குப் பக்கத்தில் சிலுவை மாதிரி ஒரு குறி இருக்கிறது. இறந்துபோனவர்களாக இருக்கலாம், கட்டாயம் கேளுங்கள், அவர்கள் குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்கும்போது "வருகை தந்திருக்கும்" என்று வாசித்தால் என்ன ஆகும்? உ.தொ.க.அ. என்பது உதவித் தொடக்கக் கல்வி அலுவலர், 2018-இல் அது வட்டாரக் கல்வி அலுவலர் ஆனது. பட்டியலில் இரண்டு பெயரும் இருப்பதால் வேறு வேறு பதவி என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் "இவர் என்ன பண்ணார்ப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி. பேச்சு அங்கேதான் கிடைக்கும். 17-ஆவது வரியில் "சத்துணவு ஆயா" என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. இத்தனை வருஷத்தில் அப்பாவுக்கே அந்த அம்மாவின் பெயர் தெரியாமல் இருக்கலாம். பள்ளியில் விசாரித்து வாங்கிவிடுங்கள். மழை நாளில் சோறு முடிந்த பிறகு நனைந்துகொண்டு வந்த பிள்ளைக்குத் தன் பங்கைப் போட்டார் என்பது மாதிரி ஏதாவது அப்பா சொன்னால், அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "தன்னலமற்ற சேவை" வேண்டவே வேண்டாம்.

இப்போது கணக்கு. ஏழு நிமிடம் பேசலாம், நிமிடத்துக்கு நூறு சொல் என்றால் எழுநூறு சொல். பதவி, "அவர்கள்" எல்லாம் சேர்த்து ஒரு பெயருக்கு ஐந்து விநாடி வைத்தாலும் முப்பது பெயருக்கு இரண்டரை நிமிடம் போய்விடும். அதனால் நாலு பேருக்கு மட்டும் சம்பவம். மற்றவர்களை அப்பா வேலை பார்த்த பள்ளி வரிசையில் பிரித்து, பள்ளிக்கு ஒரு வாக்கியம், அதற்குள் அங்கே கூட இருந்தவர்கள் பெயர். மேடையில் இருக்கும் அதிகாரிகளைத் தொடக்கத்தில் விளிக்கும்போதே சொல்லியாகிவிடும், மறுபடி வேண்டாம்.

என் பெரியப்பா ஓய்வு பெற்றபோது நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரவுக் காவலர் பெயரை விட்டுவிட்டேன், அன்றைக்கு நாற்காலி போட்டதே அவர்தான். அதனால், எழுதி முடித்ததும் அப்பாவோடு வேலை பார்க்கும் ஒருவரிடம் பெயர்களை மட்டும் காட்டிவிடுங்கள்.

தாளில் 18 அளவு எழுத்தில் அச்சிடுங்கள், ஒரு பெயர் இரண்டு வரியில் உடையக்கூடாது, பக்கம் முற்றுப்புள்ளியோடு முடிய வேண்டும்.

இடது ஓரத்தில், பட்டியலுக்கு வெளியே, செங்குத்தாக "வீட்ல" என்று எழுதியிருக்கிறாரே, அது உங்கள் அம்மா. அதை மட்டும் நீங்கள் எழுதாதீர்கள். கடைசிப் பக்கத்தில் அம்மா பெயரை அச்சிட்டு, கீழே நாலு விரல் இடம் காலியாக விட்டுக் கொடுத்துவிடுங்கள்.