மங்கிய ஜாதகக் கட்டத்தில் சூ எது, சு எது?

"தாத்தா ஜாதகத்தை போட்டோ எடுத்தேன். கட்டங்களில் ராசிப் பெயரே இல்லை. கீழ் வரிசையில் இரண்டு கட்டங்களில் சூ, சு மாதிரி மங்கலாக இருக்கிறது. எது எது? பிறந்தது ஐப்பசி 20."

தென்னிந்தியக் கட்டத்தில் ராசிகள் இடம் மாறாது, அதனால்தான் பெயர் எழுத மாட்டார்கள். மேல் வரிசையில் இடது மூலை மீனம், அதற்கு அடுத்தது மேஷம். அப்படியே வலமாகச் சுற்றினால் வலது மேல் மூலை மிதுனம், வலது கீழ் மூலை கன்னி, இடது கீழ் மூலை தனுசு. 'ல' இருக்கும் கட்டம்தான் லக்னம், அதுவே முதல் வீடு. அங்கிருந்து இதே திசையில் எண்ணுங்கள்.

சரி, உங்கள் சிக்கலுக்கு வருவோம். தமிழ் மாதமே சூரியன் நிற்கும் ராசி: சித்திரை என்றால் மேஷம், ஐப்பசி என்றால் துலாம். துலாம், கன்னிக்கு இடப்பக்கம் ஒட்டிய கட்டம். உங்கள் படத்தில் அங்கே ஓர் எழுத்து இருக்கிறது, அது சூரியன். தனுசில் இருப்பது சுக்கிரன். சுக்கிரன் சூரியனை விட்டு இரண்டு கட்டத்துக்கு மேல் போகாது என்பதால் கணக்கும் சரியாக வருகிறது. புதன் ஒரு கட்டத்துக்கு மேல் விலகாது. 'பு' கன்னி, துலாம், விருச்சிகத்தில் இல்லையென்றால் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

'ரா', 'கே' எப்போதும் நேரெதிர்க் கட்டங்களில்தான் இருக்கும். 'மா' என்பது மாந்தி, கிரகம் அல்ல.

அப்புறம், நடுவில் 'ராசி' என்று எழுதிய கட்டத்தை மட்டும் இப்படிப் பாருங்கள். பக்கத்தில் உள்ள 'அம்சம்' கட்டத்துக்கு சூரியன், புதன், சுக்கிரன் தூரக் கணக்கு பொருந்தாது.